இரண்டணாவுக்குப் பன்னிரண்டா, பதின்மூன்றா?

1957 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியாவில் நயா பைசா வந்தது. அதற்கான சட்டத் திருத்தம் 1955லேயே நிறைவேறிவிட்டது. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஆக ரூபாய்க்கு 192 பை. புதுக் கணக்கில் ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி போய், வெறும் பைசா ஆயிற்று. இதெல்லாம் என் வயதுக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த மாற்றத்துக்குள் கணக்கெழுதுபவனுக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நூறைப் பதினாறால் வகுத்தால் 6.25. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு அணாவுக்கு 6. மூன்று அணா 18.75, அதற்கு 19. நாலணாவுக்குச் சரியாக 25, எட்டணாவுக்கு 50. இவற்றில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டணாதான் வம்பு. அது 12.50. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நட்ட நடுவில் நிற்கிறது. "அருகிலுள்ள எண்" என்றால் எது அருகில்?

அரசு இதற்கு விடை சொல்லியிருந்தது. அரையும் அரைக்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேற்பட்டால் ஒன்று. ஆகவே இரண்டணாவுக்கு 12, ஆறணாவுக்கு 37, பத்தணாவுக்கு 62, பதினாலணாவுக்கு 87.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பையிலிருந்து 191 பை வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியாக அரையில் வந்து நிற்பவை நான்கே நான்கு. மேலே சொன்ன இரண்டு, ஆறு, பத்து, பதினாலு அணாக்கள்தான் அவை. மற்ற 187 தொகைகளுக்கும் அரையை மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் ஒரே விடைதான். ஒரு குமாஸ்தா அட்டவணை தயாரித்து, அதைச் சரிபார்க்க ஒரு அணா, மூன்று அணா, ஐந்து அணா என்று எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும். அவர் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் தெரியாது. 23 பை, 24 பை, 25 பை மூன்றையும் போட்டுப் பார்த்தால்தான் வெளிச்சத்துக்கு வரும். 23க்கு 12 வர வேண்டும், 25க்கு 13 வர வேண்டும். நடுவிலுள்ள 24 பை, அதாவது இரண்டணா, எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் விதி இருக்கிறது. அந்த நாலும் அபூர்வமான தொகைகளா என்றால் இல்லை. இரண்டணாவுக்குத் தனி நாணயமே இருந்தது. ஏழை பாழைகள் கையில் தினமும் புரண்ட காசு அது.

அடுத்த கேள்வி, எந்த இடத்தில் மாற்றுவது என்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூலியாளுக்குத் தினம் ஒரு ரூபாய் இரண்டணா என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் வேலை. முதல் குமாஸ்தா தினக்கூலியை முதலில் மாற்றுகிறார். ரூ. 1.12ஐ 26ஆல் பெருக்கி ரூ. 29.12 என்று எழுதுகிறார். இரண்டாமவர் அரையை மேலே ஏற்றி 1.13 என்று கொண்டு ரூ. 29.38 என்கிறார். மூன்றாமவர் பழைய கணக்கிலேயே பெருக்குகிறார். 26 ரூபாயும் 52 அணாவும், அதாவது 29 ரூபாய் நாலணா. அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றி ரூ. 29.25 என்கிறார். மூன்று பேரும் பெருக்கலில் தவறவில்லை. மூன்று பில்லையும் திரும்பப் பெருக்கிப் பார்த்தால் 'சரி' என்றே வரும். ஆனால் மூன்றாவதுதான் உண்மையான தொகை. முதல் பில்லில் கூலியாளுக்கு 13 நயா பைசா குறைகிறது. ஏறத்தாழ ஒரு இரண்டணா. கூட்டுத்தொகையை மட்டும் மாற்ற வேண்டும், உருப்படிகளை மாற்றக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அரசுக் கணக்குகளில் பைசாவை விட்டு முழு ரூபாயாக்கியபோது, ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் அடுத்த ரூபாய் என்று விதி வந்தது. 1957இல் அரை கீழே இறங்கியது, பிறகு அதே அரை மேலே ஏறியது. 'வழக்கமாக இப்படித்தான்' என்று பழக்கத்தை நம்பினால் மாட்டிக்கொள்வோம். கணினியும் அப்படித்தான். எக்செல்லில் முதல் சூத்திரம் 13 தருகிறது. நயா பைசா விதிப்படி 12 வேண்டுமென்றால் இரண்டாவதைப் போட வேண்டும்.

```
=ROUND(12.5,0)
=ROUNDUP(12.5-0.5,0)
```

இனி புள்ளிக்கு வருகிறேன். பழைய காலத்தில் ரூ. 3-2-0 என்று கோடு போட்டு எழுதினார்கள். தசமக் கணக்கு வந்ததும் ரூ. 3.12 ஆயிற்று. புதுச்சேரியில் என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த இடத்தில் புள்ளி கிடையாது, 'விர்குல்', அதாவது காற்புள்ளி. 3,12 என்றே எழுதப் பழகியவர்கள் நாங்கள். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவோம், அல்லது புள்ளி வைப்போம். இங்கிலீஷ் படித்தவர்களுக்கோ எல்லாம் தலைகீழ்.

பைசா இரண்டு இலக்கம் என்பதால் 3,12 எவரையும் ஏமாற்றாது. ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரவேண்டும் அல்லவா? ஆபத்து இருப்பது மூன்று இலக்கம் வரும் இடத்தில்தான். பிரான்சிலிருந்து வந்த தாளில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. நம்மவர் அதை ஒன்றேகால் என்று படிப்பார். எடை விஷயத்தில் 1,250 கிலோ என்றால் அவர்களுக்கு ஒன்றேகால் கிலோ, நமக்கு ஒன்றேகால் டன். போதாததற்கு பிராங்கும் 1960 ஜனவரி 1இல் மாறியது. நூறு பழைய பிராங்குக்கு ஒரு புதிய பிராங்க். 1959 தேதியிட்ட தாளில் 12.500 பிராங்க் என்றிருந்தால் அது புதுக் கணக்கில் வெறும் 125. எண்ணைப் படிக்குமுன் தேதியைப் படிக்க வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த காலத்துப் பதிவேடுகளில் ரூபாய்க்கு ஒரு கட்டம், பைசாவுக்கு ஒரு கட்டம். நடுவே அச்சடித்த செங்குத்துக் கோடு. அதில் புள்ளிக்கும் வேலையில்லை, விர்குலுக்கும் வேலையில்லை. எந்தப் பள்ளியில் படித்தவர் எழுதினாலும் ஒரே பொருள்தான். கடிதங்களில் கட்டம் கிடையாது என்பதால் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்வார்கள். 'ஆயிரத்து இருநூற்றைம்பது மட்டும்' என்று எழுதிவிட்டால் அதை ஒன்றேகாலாக்க யாராலும் முடியாது. இன்று வங்கிக் காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லும்போது இளையவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் ஒருபோதும் சலித்துக்கொண்டதில்லை.