இரண்டு நீலங்கள்

ரஷ்யக் குழந்தைகள் வானவில்லின் ஏழு நிறங்களை மனப்பாடம் செய்யும்போது பச்சைக்கு அடுத்து 'கலுபோய்' என்பார்கள். அதற்கு அடுத்து 'ஸீனிய்' என்பார்கள். முன்னது வெளுத்த வானத்தின் நிறம், பின்னது பேனா மையின் அடர்ந்த நிறம். இரண்டையும் நாம் நீலம் என்போம். ரஷ்யருக்கோ அவை சிவப்பும் மஞ்சளும் போலத் தனித்தனி நிறங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல அன்றாட ரஷ்ய மொழியில் ஒரு பொதுச்சொல் இல்லை.

நமக்கும் இளநீலம், கருநீலம் உண்டே என்று தோன்றலாம். அவை வேறு வகை. பிரென்ட் பெர்லின், பால் கே என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1969இல் வெளியிட்ட நூலில் அடிப்படை நிறச்சொல்லுக்குச் சில அளவுகோல்களை வகுத்தார்கள். அது வேறொரு நிறச்சொல்லுக்குள் அடங்கக் கூடாது. ஒரே வகைப் பொருளுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கக் கூடாது. கருநீலம் நீலத்துக்குள் அடங்கிவிடுகிறது. 'செவலை' நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் செவலைக் காளை உண்டு, செவலைச் சேலை இல்லை. ஆகவே அந்தக் கணக்கில் இரண்டும் சேரா. கலுபோயும் ஸீனியும் சேரும். நீலத்தையே இரண்டு அடிப்படைச் சொற்களால் பிரித்த மொழி என்பதால்தான், சொல் சிந்தனையை வடிக்கிறதா என்ற பழைய வழக்குக்கு ரஷ்யம் நல்ல சாட்சியாக அமைந்தது.

அந்த வழக்கில் முன்பு நடந்த பிழை ஒன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரைப் பற்றி எழுதியபோது, அக்காவியங்களில் நிறச்சொற்கள் குறைவாகவும் குழப்பமாகவும் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து, பழங்கிரேக்கரின் நிற உணர்வே முதிராமல் இருந்தது என்ற முடிவுக்குப் போய்விட்டார். அகராதியைப் பார்த்துக் கண்ணுக்குத் தீர்ப்பு எழுதியது தவறு. சொல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, கண் பிரிக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குச் சோதனை தேவை.

ஜொனாதன் வினாவர், லேரா பரோடிட்ஸ்கி முதலியோர் 2007இல் வெளியிட்ட சோதனை அதைச் செய்தது. வெளிர்நீலம் முதல் அடர்நீலம் வரை படிப்படியாக மாறும் 20 சாயல்களை எடுத்துக்கொண்டார்கள். திரையில் மேலே ஒரு சதுரம், கீழே இரண்டு. கீழுள்ளவற்றில் ஒன்று மேலுள்ளதன் அதே சாயல். அது எது என்று விரைவாகப் பொத்தானை அழுத்த வேண்டும். நிறத்தின் பெயரைச் சொல்லத் தேவையே இல்லை. கீழுள்ள இரண்டும் ஸீனிய் ஆகவோ இரண்டும் கலுபோய் ஆகவோ இருந்தபோது ரஷ்யர்கள் சற்றுத் தாமதித்தார்கள். ஒன்று இப்பக்கமும் மற்றது அப்பக்கமும் விழுந்தபோது விரைந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. இத்தனைக்கும் வெளிர்நீலம், அடர்நீலம் என்று பிரிக்கச் சொன்னால் அவர்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு போட்டார்கள். எல்லை தெரிந்திருந்தும் அது அவர்களுக்கு உதவவில்லை.

இந்த ஆய்வில் நான் பெரிதும் மதிப்பது அடுத்த கட்டத்தை. சதுரங்களைப் பார்க்கும் வேளையிலேயே 8 இலக்க எண் ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். மனத்துக்குள் பேசும் நாவுக்கு வேறு வேலை வந்ததும் ரஷ்யர்களின் அந்த விரைவு மறைந்துபோனது. எண்ணுக்குப் பதில், காட்டப்பட்ட கட்டங்களில் எவை கறுப்பாயிருந்தன என்ற வடிவத்தை நினைவில் வைக்கச் சொன்னபோது மறையவில்லை. மனம் களைத்ததனால் வந்த விளைவாக இருந்தால் இரண்டிலும் மறைந்திருக்க வேண்டும். சொல்லை முடக்கினால் மட்டுமே மறைந்தது என்பதால், அந்த விரைவைக் கொடுத்தது சொல்தான் என்று தெரிகிறது. வாயால் பெயர் சொல்லாத வேலையிலும் சொல் உள்ளே ஓசையின்றித் துணைக்கு வந்திருக்கிறது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்த ஆதாயம் ஒரு விநாடியின் சிறு பின்னம். சாயல்கள் நெருங்கியிருந்து பிரிப்பது கடினமானபோதுதான் அது வலுத்தது. எளிதில் வேறுபடுத்தக்கூடியவற்றில் குறைந்தது. ஆங்கிலம் பேசுவோர் அந்த 20 சாயல்களுக்குக் குருடர்களாக இருக்கவும் இல்லை, அவர்களும் பிரித்தார்கள். மொழி கண்ணுக்குச் சிறை என்ற வாதத்துக்கு இச்சோதனை இடம் கொடுக்கவில்லை. மொழிக்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை என்ற எதிர்வாதமும் இதன் முன் நிற்காது.

ஒரு நிறத்துக்குப் பெயர் இல்லாத மக்களால் அந்த நிறத்தைக் காணவே முடியாது என்று யாரேனும் எழுதியிருந்தால், வாசகர்கள் அதை நம்புமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுகிறேன்: பெயர் சொல்லச் சொன்னார்களா, பிரித்தறியச் சொன்னார்களா? சொல்லை முடக்கியபோது என்ன ஆனது?