ராஜா ஹரிச்சந்திரா: 40 நிமிடமா, ஒரு மணி நேரமா?

பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியான நாளாகச் சில பட்டியல்கள் 1913 ஏப்ரல் 21ஐயும், வேறு சில மே 3ஐயும் தருகின்றன. இரண்டும் பிழையல்ல. முன்னது பம்பாய் ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்டோருக்கு நடந்த காட்சி. பின்னது கொரோனேஷன் அரங்கில் பொதுமக்களுக்கான திரையிடல். எந்த நிகழ்வின் தேதி என்று சொல்லாத தரவுத்தளத்தை மேற்கோளாகக் கொள்ளலாகாது.

ஓட்டநேரம் இதனினும் சிக்கலானது. படத்தின் நீளம் 3,700 அடி எனப் பதிவாகியுள்ளது. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். பேசும்படத்துக்குரிய நொடிக்கு 24 சட்டக வேகத்தில் இது 41 நிமிடம். மௌனப்படங்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் 16 சட்டக வேகத்தில் ஏறத்தாழ 62 நிமிடம். இணையத்தில் உலவும் ‘40 நிமிடம்’ முதற்கணக்கோடுதான் பொருந்துகிறது. ஆகவே மௌனப்படத்துக்கு அடிக்கணக்கே சான்று. நிமிடம் அதிலிருந்து பெறும் ஊகம்.

பங்களித்தோர் பட்டியலிலும் எச்சரிக்கை தேவை. எஞ்சியுள்ள சுருள்கள் 1917இல் பால்கே மீண்டும் எடுத்த படத்தினவை என்று கருதும் ஆய்வாளர் உளர். அவற்றைக் கண்டு 1913இன் நடிகர்களை உறுதிசெய்ய இயலாது. 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்துக்கு முந்தைய படமாதலால் தணிக்கைப் பதிவும் இல்லை. எஞ்சுவது அக்கால நாளிதழ் விளம்பரமும், மூலத்தைச் சுட்டும் அச்சுத் திரைப்பட அகராதியும். பயனர்கள் நிரப்பும் தளம் தேடலின் தொடக்கமாகலாம், முடிவாகாது.