பாரஃபின், சோயா, தேன்மெழுகு... எது நின்னு எரியும், எது மணக்கும், எது கரி கக்கும்?

வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்ய ஆரம்பிக்கிறவங்க முதல்ல குழம்புற இடம், எந்த மெழுகு வாங்குறதுங்கிறதுதான். 'சோயான்னா கரியே வராது', 'தேன்மெழுகுதான் ரொம்ப நேரம் எரியும்' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டிலுமே பாதிதான் உண்மை.

பாரஃபின், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. மளிகைக் கடையில் வாங்கும் சாதாரண மெழுகுவர்த்தி பெரும்பாலும் இதுதான். சோயா மெழுகு, சோயா எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கியது. தேன்மெழுகு தேனடையிலிருந்து வருவது. விலையும் இதே வரிசையில்தான் ஏறும்.

எரியும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கண்ணாடி டம்ளரில் ஊற்றும் சோயா 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பாரஃபின் வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரி வரை போகும். அப்போ தேன்மெழுகுதானே ஜெயிக்கணும்? திரி சரியாக இருந்தால் ஜெயிக்கும். பாரஃபினுக்கு வாங்கிய மெல்லிய திரியையே தேன்மெழுகுக்கும் போட்டால், சுற்றியுள்ள மெழுகை உருக்க அந்தச் சுடருக்குச் சூடு போதாது. நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழுந்து, ஓரத்து மெழுகு அப்படியே நின்றுவிடும். அதனால் இதற்கு ஒரு சைஸ், சில சமயம் இரண்டு சைஸ் தடிமனான திரி தேவைப்படும்.

எந்த மெழுகு எவ்வளவு நேரம் எரியும் என்பதை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடித்துவிடலாம். உதாரணத்துக்கு, டம்ளரில் 150 கிராம் மெழுகு ஊற்றியிருக்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன் டம்ளரோடு எடை போடுங்கள். 4 மணி நேரம் எரியவிட்டு அணைத்து, ஆறியதும் மறுபடி எடை போடுங்கள். 20 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 5 கிராம். 150-ஐ 5-ஆல் வகுத்தால் 30 மணி நேரம். டம்ளர் சூடேறிவிடும் என்பதால் அடியில் ஒரு சென்டிமீட்டர் மீதமிருக்கும்போதே நிறுத்த வேண்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இதே டம்ளரில் திரியை மட்டும் மாற்றிப் பாருங்க, கணக்கு எப்படி மாறுதுன்னு தெரியும்!

அடுத்து வாசனை. இதில் பாரஃபின்தான் முன்னால் நிற்கும். எரியும்போது வாசனையைத் தாராளமாக வெளியே விடும், ஊற்றிய இரண்டு மூன்று நாளிலேயே ஏற்றலாம். சோயாவுக்குப் பொறுமை வேணும். மூடிபோட்டு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் வைத்த பிறகு ஏற்றினால்தான் முழு மணம் வரும். மறுநாளே ஏற்றிப் பார்த்துட்டு, 'வாசனையே இல்லை'ன்னு இன்னும் எண்ணெய் சேர்க்கிறவங்கதான் அதிகம். தேன்மெழுகுக்குத் தேன் மணம் சொந்தமாகவே உண்டு. மல்லிகை, லேவண்டர் மாதிரி மென்மையான வாசனைகளை அது அமுக்கிவிடும், அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

வாசனை எண்ணெயின் அளவு மெழுகின் எடையில் 6 சதவிகிதம், அதாவது 150 கிராமுக்கு 9 கிராம் போதும். மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் எண்ணெயாக இருக்கட்டும். கேக்குக்குப் போடும் வெனிலா எசன்ஸும் பன்னீரும் மெழுகோடு கலக்காது; அடியில் தங்கி, எரியும்போது படபடவென வெடிக்கும்.

கடைசியாகக் கரி. சுடரின் மஞ்சள் வெளிச்சமே உள்ளே தகதகக்கும் கரித்துகள்களால் வருவதுதான். மூன்று மெழுகிலும் அது உண்டு. சுடர் அசையாமல் நின்றால் அந்தத் துகள்கள் நுனியிலேயே எரிந்து தீர்ந்துவிடும். திரி நீளமாக இருந்தாலோ, ஃபேன் காற்றில் சுடர் ஆடினாலோ, வாசனை எண்ணெய் கூடிப்போனாலோ எரியாமல் தப்பித்து டம்ளர் விளிம்பில் கறுப்பாகப் படியும். பாரஃபின் இந்தத் தவறுகளைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். சோயா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். திரியின் நுனியில் காளான் மாதிரி கறுப்புக் குமிழ் தெரிந்தால் அணைத்து, ஆறியதும் 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகும் காளான் முளைத்தால் திரி தடிமன் அதிகம் என்று அர்த்தம்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்கணும். மே மாதத்தில் மூடிய காரிலோ, மொட்டை மாடி அறையிலோ வைத்த சோயா இளகி, மேலே எண்ணெய் முத்துமுத்தாக வியர்க்கும். கோடையில் பார்சல் அனுப்பி விற்கப்போகிறீர்கள் என்றால் உருகுநிலை கூடிய பாரஃபினோ, சோயாவும் தேன்மெழுகும் கலந்த கலவையோ பாதுகாப்பு. படுக்கையறையில் ஏற்ற, சொந்த உபயோகத்துக்கு என்றால் என் ஓட்டு சோயாவுக்கு.