கணக்கு கேள்வி ரொம்ப நீளமா இருக்கா? எண்ணும் போகாம, கேள்வியும் மாறாம சுருக்குவது எப்படி? பால்கோவா உதாரணத்துடன் விளக்கம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 3 மணி நேரம்தான். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட கிடையாது. இதில் திறனறிவுப் பகுதியில் வரும் 25 கேள்விகளில் சில, பத்து வரிக் கதை மாதிரி இருக்கும். கணக்கு தெரிந்தவர்களே தடுமாறுவது இங்கேதான்.

பலரும் கதையைச் சுருக்கித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சுருக்கும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதன்பிறகு கணக்கைச் சரியாகப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். எது விட்டுப்போகிறது, அதை எப்படிப் பிடிப்பது? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியை வைத்து ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை.

மாதிரிக் கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரி ஒருவர், ஆடிப்பூரத் திருவிழாவை முன்னிட்டு அதிகாலை 4 மணிக்கே கடையைத் திறந்து, லிட்டர் ரூ.50 வீதம் 60 லிட்டர் பால் வாங்குகிறார். 4 லிட்டர் பாலில் 1 கிலோ பால்கோவா கிடைக்கிறது. ஒவ்வொரு கிலோ பால்கோவாவுக்கும் 250 கிராம் சர்க்கரை சேர்க்கிறார். சர்க்கரை கிலோ ரூ.48. விறகு, கூலி மொத்தம் ரூ.820. தயாரான பால்கோவாவில் மூன்றில் இரண்டு பங்கை அங்கேயே கிலோ ரூ.360-க்கு விற்கிறார். மீதியை 11 கி.மீ. தொலைவில் உள்ள ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய் கிலோ ரூ.400-க்கு விற்கிறார். கொண்டுபோக ரூ.200 செலவாகிறது. அவருக்குக் கிடைத்த லாப சதவீதம் என்ன?

அவசரமாகச் சுருக்கினால் என்ன ஆகும்?

நேரமில்லை என்று வேகமாக எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

பால் 60 லி, ரூ.50. சர்க்கரை 250 கி, ரூ.48. செலவு ரூ.820. விற்பனை ரூ.360, ரூ.400. லாபம்?

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடவே முடியாது. 4 லிட்டருக்கு 1 கிலோ என்பதும், மூன்றில் இரண்டு பங்கு என்பதும் இதில் இல்லை. இந்த இரண்டும் விடுபட்டது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் கணக்கு நின்றுவிடும். திரும்பப் போய் கேள்வியைப் பார்ப்போம்.

ஆபத்தானவை மற்ற மூன்று. அவை விடுபட்டாலும் கணக்கு நிற்காமல் ஓடும், தப்பான விடையில் போய் முடியும்.

முதலாவது, 'ஒவ்வொரு கிலோவுக்கும்' என்ற சொல். அது போனதும் 250 கிராம் என்பது மொத்தச் சர்க்கரை ஆகிவிட்டது. ரூ.180 ஆக வேண்டிய சர்க்கரைச் செலவு ரூ.12 ஆகிவிடும். இரண்டாவது, கடைசியில் வந்த ரூ.200. விற்ற விலைக்குப் பிறகு ஒரு செலவு வருவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மூன்றாவது, கேள்வியே மாறிவிட்டது. கேட்டது லாப சதவீதம், எழுதியது லாபம்.

சரியாகச் சுருக்குவது எப்படி?

முதலில் கடைசி வரியைப் படித்து, கேட்டதை அப்படியே மேலே எழுதுங்கள். கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போல்யா 1945-ல் வெளியிட்ட தனது புகழ்பெற்ற நூலிலும் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: கண்டுபிடிக்க வேண்டியது என்ன? அதற்குப் பிறகுதான் கொடுத்திருப்பது என்ன, நிபந்தனை என்ன என்ற கேள்விகள்.

அடுத்து, ஒவ்வொரு எண்ணையும் தனியாக எடுக்காமல், அது எதைச் சொல்கிறதோ அந்தச் சொல்லோடு சேர்த்து எடுக்க வேண்டும். எழுதி முடித்த எண்ணின் மேல் வினாத்தாளில் ஒரு சின்ன டிக். எழுத்தில் இருக்கும் அளவுகளும் எண்தான். 'மூன்றில் இரண்டு', 'மீதி', 'இருமடங்கு', 'ஒரு டஜன்', 'அரை மணி நேரம்' எல்லாவற்றுக்கும் டிக் விழ வேண்டும். அப்படிச் செய்தால் நம் கணக்கு இப்படி ஆகும்:

- கேள்வி: லாபம் எத்தனை %?
- பால்: 60 லி, லிட்டர் ரூ.50
- 4 லி பால் = 1 கிலோ கோவா
- சர்க்கரை: 1 கிலோ கோவாவுக்கு 250 கி, கிலோ ரூ.48
- விறகு, கூலி: மொத்தம் ரூ.820
- ஸ்ரீவி.யில்: 2/3 பங்கு, கிலோ ரூ.360
- ராஜபாளையத்தில்: மீதி, கிலோ ரூ.400
- கொண்டுபோகும் செலவு: ரூ.200
- ஓரத்தில்: 4 மணி, 11 கி.மீ.

தேவையில்லாத எண்ணை ஏன் எழுத வேண்டும்?

4 மணியும் 11 கி.மீட்டரும் இந்த விடைக்குத் தேவையில்லை. ஆனால் படிக்கும்போதே அதை முடிவு செய்துவிடக் கூடாது. இதே கேள்வியில் ரூ.200-க்கு பதிலாக 'போக வர கி.மீட்டருக்கு ரூ.10' என்று இருந்தால், அந்த 11 இல்லாமல் கணக்கே இல்லை. 22 கி.மீ., ரூ.220 என்று செலவே மாறிவிடும். அதனால் சந்தேகமான எண்ணை ஓரத்தில் வையுங்கள். விடை வந்தபிறகு அது தேவைப்படவில்லை என்றால் அடித்துவிடலாம்.

இப்போது விடை

60 லிட்டர் பாலுக்கு ரூ.3,000. கிடைக்கும் கோவா 15 கிலோ. அதற்கு 3.75 கிலோ சர்க்கரை, ரூ.180. விறகு, கூலி ரூ.820. கொண்டுபோகும் செலவு ரூ.200. மொத்தச் செலவு ரூ.4,200.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 10 கிலோ விற்று ரூ.3,600. ராஜபாளையத்தில் 5 கிலோ விற்று ரூ.2,000. மொத்த வரவு ரூ.5,600. லாபம் ரூ.1,400. செலவு ரூ.4,200-க்கு ரூ.1,400 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33⅓ சதவீதம்.

ரூ.200-ஐ விட்டவருக்கு லாபம் ரூ.1,600, சதவீதம் 40. லாபத்தைச் செலவால் வகுக்காமல் வரவால் வகுத்தவருக்கு 25. தேர்வில் 40, 25 இரண்டும் விடைத் தெரிவுகளில் இருந்தால், நம் விடை அங்கே இருக்கிறதே என்று நம்பி குறித்துவிடுவோம். 'விடை ஆப்ஷனில் இருக்கு' என்பது சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

சுருக்கியது சரியா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் பயிற்சி செய்யும்போது, சுருக்கியதை மட்டும் நண்பரிடம் கொடுங்கள். மூலக் கேள்வியைக் காட்ட வேண்டாம். அவர் உங்களிடம் எதையும் கேட்காமல் அதே விடைக்கு வந்தால் சுருக்கம் சரி. "இந்த 250 கிராம் எதுக்கு?" என்று அவர் கேட்டால், நீங்கள் விட்ட சொல் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தேர்வு அறையில் அதற்கு நேரம் இருக்காது. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டுதான். டிக் விழாத எண் ஏதாவது இருக்கிறதா? மேலே எழுதிய கேள்வி கடைசி வரியோடு ஒத்துப்போகிறதா?

எதைச் சுருக்கவே கூடாது?

'ஒவ்வொரு', 'மட்டும்', 'குறைந்தபட்சம்', 'மீதியில்', 'முறையே' போன்ற சொற்களை எடுக்கவே கூடாது. 'மொத்தத்தில் கால் பங்கு' வேறு, 'மீதியில் கால் பங்கு' வேறு. 'முறையே' என்று வந்தால் பெயர்களின் வரிசையும் எண்களின் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பெயர் இடம் மாறினால் எல்லாம் மாறிவிடும்.

வடிவியல் கணக்குகளுக்கு இந்தப் பட்டியல் முறை அவ்வளவாக உதவாது. கோபுர உயரம், ஏற்றக் கோணம் மாதிரி கேள்விகளுக்குப் படம் வரைந்து, எண்களை அந்தந்தப் பக்கத்திலும் கோணத்திலும் எழுதிவிடுவதுதான் சரியான சுருக்கம். இரண்டே வரியில் இருக்கும் கேள்விக்கு எந்தச் சுருக்கமும் வேண்டாம், நேராகக் கணக்கைப் போட்டுவிடலாம்.