மருத்துவர் புகைத்த சிகரெட்: அச்சு விளம்பரம் பற்றிய வகுப்பறைக் கேள்விகள் வளர்ந்த வரலாறு

1946இல் அமெரிக்க இதழ்களில் கேமல் சிகரெட்டின் புதிய விளம்பரத் தொடர் ஒன்று வரத் தொடங்கியது. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரின் படம். மற்ற எந்தச் சிகரெட்டைவிடவும் கேமலைத்தான் அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்ற தலைப்பு. நாடெங்கும் 1,13,597 மருத்துவர்களிடம் கேட்டதாக ஒரு கணக்கு. ஓர் ஓரத்தில் பெண் முகம் ஒன்று. அதன் வாயையும் தொண்டையையும் சுற்றி சுவை, தொண்டை இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தான ‘டி’ வரையப்பட்டிருக்கும். சுவைக்கும் தொண்டைக்கும் எது ஏற்றது என்பதை உங்கள் வாயும் தொண்டையுமே சொல்லட்டும் என்பது அதன் பொருள்.

இந்த ஒரு பக்கத்தை மாணவர் முன் வைத்தால் என்ன கேட்க வேண்டும்? ஊடகக் கல்வி இதற்குத் தந்த விடை தலைமுறைதோறும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதல் கட்டம் இங்கிலாந்தில், மொழிப்பாட வகுப்பில் தொடங்குகிறது. எஃப். ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்சனும் 1933இல் வெளியிட்ட ‘பண்பாடும் சூழலும்’ என்ற நூல், கவிதையை வாசிப்பது போலவே விளம்பரத்தையும் சொல் சொல்லாக வாசிக்கப் பயிற்சி தந்தது. விளம்பரம் காட்டும் மனிதர் எப்படிப்பட்டவர், அவரைப் பார்த்து வாசகர் என்ன உணர வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது என்பவை அதன் கேள்விகள். மாணவரின் ரசனையைக் காப்பதே நோக்கம். சொல்லப்பட்டது உண்மையா என்ற விசாரணை அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது.

இரண்டாவது கட்டம் நியூயார்க்கில். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் கிளைட் மில்லர், பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீனின் நிதியுதவியுடன் 1937இல் பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அது பள்ளிகளுக்குத் தந்த ஏழு உத்திகளின் பட்டியல் இன்றைய வினாத்தாள்களிலும் உயிரோடிருக்கிறது. மதிக்கப்படுபவரைச் சாட்சியாக நிறுத்துவது, ஒன்றின் மதிப்பை இன்னொன்றின் மேல் ஏற்றுவது, ‘எல்லோரும் வாங்குகிறார்கள், நீங்களும் வாங்குங்கள்’ என்று கூட்டத்தோடு சேர்ப்பது ஆகியவை அவற்றில் சில. கேமல் விளம்பரத்தில் இந்த மூன்றையுமே காணலாம். மருத்துவர் சாட்சி, அங்கியின் மதிப்பு சிகரெட்டுக்குப் போகிறது, லட்சத்தைத் தாண்டும் எண் கூட்டத்தைக் காட்டுகிறது.

ஆனால் உத்திக்குப் பெயர் சூட்டிவிட்டால் தீர்ப்புச் சொன்னதாகிவிடாது. உண்மையான செய்தியைச் சொல்லும் தடுப்பூசி விளம்பரத்திலும் மருத்துவர் சாட்சியாக நிற்கலாம். பெயர் மட்டும் கற்ற மாணவர் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுவார். காலப்போக்கில் எதையுமே நம்பாத மனநிலைக்கும் வந்துவிடுவார். 1942இல் நிறுவனம் செயல்பாட்டை நிறுத்தும் முன்பே இந்த விமர்சனம் எழுந்திருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க உதவியது ஹ்யூ ராங்க் 1976இல் வகுத்த எளிய சட்டகம். எதைப் பெரிதாக்குகிறார்கள், எதைச் சிறிதாக்குகிறார்கள் என்ற இரண்டே கேள்விகள். திரும்பச் சொல்வதும் நல்லவற்றோடு இணைப்பதும் பக்க அமைப்பும் முதல் வகை. விட்டுவிடுவது, திசைதிருப்புவது, குழப்புவது இரண்டாம் வகை. இதனால் மாணவரின் கண் பக்கத்தில் இல்லாததையும் தேடத் தொடங்கியது.

கேமலிடம் இப்படிக் கேட்டால் மூன்று அடுக்குகள் பிரிகின்றன. அச்சில் இருக்கும் கூற்று, மருத்துவர்கள் எந்தச் சிகரெட்டைப் புகைக்கிறார்கள் என்பது மட்டுமே. வாசகர் மனத்தில் பதிய வேண்டிய கூற்று, இது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்பது. அந்த வாக்கியம் பக்கத்தில் எங்கும் இல்லை. சான்றாக நிற்கும் எண்ணோ முதல் கூற்றுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவதற்கு அது சான்றே அல்ல. தொண்டையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லும் ‘டி’ படமும் திசைதிருப்பலே. நுரையீரலில் பல ஆண்டுகளில் நேரும் கேட்டைத் தொண்டை சொல்லாது.

முதல் கூற்றாவது நிற்குமா? விளம்பரம் அந்தக் கணக்கெடுப்பைச் சுதந்திரமான ஆய்வு அமைப்புகள் நடத்தியதாகச் சொன்னது. மருத்துவ வரலாற்றாய்வாளர்கள் மார்த்தா கார்ட்னரும் ஆலன் பிராண்டும் 2006இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதையைக் காட்டுகிறது. கேள்வி கேட்டவர்கள் கேமலின் விளம்பர முகமையான வில்லியம் எஸ்டியின் ஊழியர்கள். மருத்துவ மாநாடுகளிலும் மருத்துவர்களின் அலுவலகங்களிலும் கேட்டார்கள். கேமல் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்த கையோடுதான் பெரும்பாலானோரிடம் பிடித்த சிகரெட் எது என்று கேட்டதாகத் தெரிகிறது.

பக்கத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அந்த இலவசப் பெட்டி கண்ணில் படாது. எனவே இன்று நன்றாக அமைக்கப்படும் வினா, ‘இதில் உள்ள உத்தி எது?’ என்பதோடு நிற்பதில்லை. ‘யார் கேட்டார், யாரிடம், எந்தச் சூழலில்? இதை ஏற்பதற்கு முன் நீ வேறு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?’ என்று தொடர்கிறது. ‘இது பொய்’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கும் ‘இது சாட்சி உத்தி’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கும் அங்கே முழு மதிப்பெண் கிடைக்காது. மருத்துவர் எதைப் புகைக்கிறார் என்பது சிகரெட் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது என்று காரணத்தோடு எழுதி, அந்த எண் எப்படிச் சேகரிக்கப்பட்டது என்று திருப்பிக் கேட்கும் மாணவருக்கே அது கிடைக்கும்.