விகிதத் தேதி இல்லாத இரண்டு பில்கள்

குமுளியில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதி நிறுவன ஊழியர், துபாய் ஓட்டல் பில்லைச் செலவுக் கணக்கில் சேர்க்கிறார்: 1,200 திர்ஹாம். வாளையாறை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைப் பொறியாளர், ஜெர்மனியில் தங்கிய பில்லைத் தருகிறார்: 400 யூரோ. இரண்டும் நாம் வைத்துக்கொள்ளும் மாதிரிகள். இரண்டிலும் பில் தேதி உண்டு. எந்த நாள் விகிதத்தில் ரூபாயாக மாற்றுவது என்ற குறிப்பு இரண்டிலும் இல்லை.

பில் தேதியே போதும் என்று தோன்றும். ஊழியரின் கையிலிருந்து போன ரூபாயைத் திருப்பித் தருவதே நோக்கம் என்றால், இரண்டிலுமே அது போதாது. குமுளிக்காரர் ஃபாரெக்ஸ் கார்டில் திர்ஹாமை ஏற்றிக்கொண்டு போனவர். அவருடைய விகிதம் விமானம் ஏறும் முன்பே முடிவாகிவிட்டது. கஞ்சிக்கோட்டுக்காரர் தன் கிரெடிட் கார்டைத் தேய்த்தவர். அவருடைய விகிதம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, தொகை கணக்கில் ஏறும்போதுதான் முடிவாகிறது. ஒருவரின் விகிதத் தேதி பில்லுக்கு முந்தியது, மற்றவருடையது பிந்தியது.

விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் வழியும் வேறுவேறு. திர்ஹாமுக்குக் கார்டில் பணம் ஏற்றிய ரசீதே சாட்சி. அதில் 23.10 என்றிருந்தால் செலவு 27,720 ரூபாய். அந்த விகிதம் நியாயமானதா என்று பார்ப்பதும் எளிது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்ற கணக்கு 1997 முதல் மாறவில்லை. அன்றைய டாலர் விலையை அதால் வகுத்தால் போதும். டாலர் 84 ரூபாய் என்றால் திர்ஹாம் 22.87, மீதி வங்கியின் லாபம். யூரோவுக்கு இப்படி ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை, ஸ்டேட்மென்ட்தான் கதி. அதில் மொத்தம் 37,486.80 ரூபாய் என்றால், வகுத்தால் 93.72 வரும். அந்த எண்ணை எந்த நாளின் சந்தை விகிதத்திலும் தேடிப் பயனில்லை. வங்கியின் 3.5 சதவீதக் கூடுதல் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்குள் இருக்கின்றன. 1.0413 ஆல் வகுத்தால் 90 கிடைக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

வியப்பு அடுத்த கட்டத்தில். ஒரு வாரப் பயணத்தின் எல்லா பில்களும் ஒரே விகிதத்தில் மாற்றப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டுக் கணக்கில் அது தவற்றின் அடையாளம்: கிளைம் எழுதிய நாளின் விகிதத்தை இணையத்தில் பார்த்து எல்லாவற்றுக்கும் போட்டிருப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டுக் கணக்கில் அதே ஒற்றுமை சரியான கணக்கின் அடையாளம். ஒரே தடயம் இரண்டு இடங்களில் எதிரெதிராகப் பேசுகிறது. அதனால் கணக்காளர் விகிதத்தைச் சரிபார்க்கும் முன், எதில் பணம் கட்டினீர்கள் என்று கேட்க வேண்டும் என்பேன். ஃபாரெக்ஸ் கார்டு என்ற பதில் வந்தாலும் இன்னொரு கேள்வி உண்டு: பயணத்தின் நடுவில் மறுபடி பணம் ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் இரண்டாவது ரசீதும் வேண்டும். அதற்குப் பிந்தைய பில்களுக்கு முதல் விகிதம் அப்படியே பொருந்தாது.