63க்கு மேல் எண்ண முடியாத கண்: சென்னையின் இரவு வெளிச்சமும் என் பழைய தவறும்

சில வருடங்களுக்கு முன் சென்னையின் வளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 1992 முதல் 2013 வரையிலான இரவு வெளிச்சப் படங்களை வைத்து, "நகரத்தின் மையம் தேங்கிவிட்டது, வளர்ச்சி முழுக்க ஓ.எம்.ஆர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டது" என்று முடித்திருந்தேன். தி.நகரில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, 92ல என் கடையில நாலு டியூப்லைட்டு. இப்ப தெருவே பகல் மாதிரி இருக்கு. இதுவா தேங்கிப்போச்சு?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எங்கே சறுக்கினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் படங்கள் அமெரிக்க ராணுவத்தின் டி.எம்.எஸ்.பி வானிலைச் செயற்கைக்கோள்கள் எடுத்தவை. நிலா வெளிச்சத்தில் மேகங்களைப் பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. மங்கலான மேகமும் தெரிய வேண்டும் என்று உணர்திறனை ஏற்றி வைத்திருப்பார்கள். ஊர் விளக்குகள் பதிவானது உபரி லாபம். ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கும், கிடைக்கும் எண் 0 முதல் 63 வரைதான். அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் 63தான்.

"அப்படியானால் 63 வந்த கட்டங்களை மட்டும் ஒதுக்கினால் போதுமே" என்று நினைத்தேன். அதுவும் போதாது. நாம் இறக்கிப் பயன்படுத்தும் ஆண்டுப்படம், மேகமில்லாத பல இரவுகளின் சராசரி. ஒரு கட்டத்தின் உண்மையான அளவு பாதி இரவுகளில் 49, மீதியில் 71 என்று வைத்துக்கொள்வோம். 71 என்பது 63 ஆக வெட்டப்படும். உண்மைச் சராசரி 60, பதிவாவது 56. பிறகு வெளிச்சம் ஒன்றரை மடங்கு ஆனால் எல்லா இரவும் 63ஐத் தாண்டும், பதிவு 63. ஐம்பது சதவீத வளர்ச்சி பன்னிரண்டரை சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதன்பின் இரு மடங்கானாலும் வளர்ச்சி பூஜ்யம். ஆகவே 55ஐத் தாண்டிய எண்ணையே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது இந்த ஒரு வரி:

```python
sat = (dn[city] >= 55).mean()
```

நகர எல்லைக்குள் இந்த விகிதம் பெரிதாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டி ஆண்டுகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தது. அந்தந்த வருட எல்லையை எடுத்தால் அரசாணையைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

அடுத்த சிக்கல், கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. F10ல் தொடங்கி F18 வரை ஆறு செயற்கைக்கோள்கள். எதிலும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இல்லை. 2009ல் F16, 2010ல் F18 என்று மாறும்போது ஊரெல்லாம் திடீரென்று பிரகாசமாகும். இதற்கு எல்விட்ஜ் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். வெளிச்சம் அதிகம் மாறாத இடம் என்று சிசிலித் தீவை எடுத்துக்கொண்டு, F12இன் 1999ஆம் வருடப் படத்தோடு மற்றவற்றைப் பொருத்தினார்கள்:

```
y = C0 + C1*x + C2*x*x
```

நான் இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் இந்தச் சமன்பாட்டில் 63 என்று எதைப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். வெட்டுப்பட்டது திரும்பி வராது. செயற்கைக்கோள்களுக்கு இடையேயான வேறுபாட்டுக்குத்தான் இது மருந்து.

ஓரங்களிலும் ஏமாந்திருந்தேன். வெளிச்சம் பக்கத்துக் கட்டங்களுக்கும் வழியும். சென்னையில் இதை அளக்க இயற்கையே ஒரு அளவுகோல் தந்திருக்கிறது: மெரினாவுக்குக் கிழக்கே கடல். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அங்கே யாரும் விளக்குப் போடவில்லை. ஆனாலும் படத்தில் கரையை ஒட்டிய கடல் ஒளிர்கிறது. ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு அந்த விளிம்பு கடலுக்குள் நகர்ந்தால் அது ஊர் வளர்ச்சி அல்ல. மையம் பிரகாசமாகியிருக்கும், அல்லது கருவி மாறியிருக்கும். மேற்கு விளிம்பும் அதே அளவு நகர்ந்திருந்தால் அதையும் நம்பக்கூடாது.

மையத்துக்கு வழி? உணர்திறனைக் குறைத்து எடுத்த பதிவுகளைச் சேர்த்துச் செய்த படங்கள் உண்டு. இவற்றில் 63 என்ற கூரை இல்லை. ஆனால் 1996 முதல் 2010 வரை சில ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். கூகுள் எர்த் எஞ்சினில் `NOAA/DMSP-OLS/CALIBRATED_LIGHTS_V4` என்று இருக்கிறது. 2012க்குப் பின் விர்ஸ் கருவியில் நகர மையம் வெட்டுப்படுவதில்லை. ஆனால் அது கடப்பது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். பழையவை பெரும்பாலும் முன்னிரவில் கடந்தவை. சித்தப்பா கடையைப் பூட்டிய பிறகு எடுத்த படத்தை, வியாபாரம் நடக்கும்போது எடுத்ததோடு நேராக ஒட்ட முடியாது.

ஆகவே பழைய கட்டுரையின் முடிவைத் திரும்பப் பெறுகிறேன். புறநகர் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததை அந்தப் படங்கள் காட்டுகின்றன. மையம் தேங்கியது என்று அவை சொல்லவில்லை. அங்கே அளவுகோல்தான் முடிந்துபோயிருந்தது.